அதே மாணவி, தேர்வில் 17, வீட்டுக் கட்டுரையில் 14: எங்கே தவறினேன்?

அகல் | மார்ச் 4, இரவு 9.10

வரலாற்றுத் தாள் திருத்துகிறேன், இது இரண்டாவது வருடம். ஒரே மாணவியின் இரண்டு கட்டுரைகள் என் மேசையில் இருக்கின்றன. ஒன்று தேர்வறையில் 45 நிமிடத்தில் கையால் எழுதியது. கேள்வி: "பிரிட்டனில் தொழிற்புரட்சி முதலில் தொடங்கியதற்கு நிலக்கரி எந்த அளவுக்குக் காரணம்?" சுமார் 650 சொல், கடைசிப் பத்தி பாதியில் நிற்கிறது. 25க்கு 17 போட்டேன்.

இன்னொன்று மூன்று வாரம் கொடுத்து வீட்டில் எழுதச் சொன்ன 2500 சொல் கட்டுரை. "தொழிற்புரட்சி ஏன் பிரிட்டனில் முதலில் தொடங்கியது? இரண்டு வரலாற்றாசிரியர்களின் விளக்கங்களை ஒப்பிடுக." 14 அடிக்குறிப்பு, அழகான தட்டச்சு, ஒரு எழுத்துப்பிழை கூட இல்லை. அதற்கு 14 போட்டேன்.

இரண்டாம் பார்வையாளர் திருப்பி அனுப்பிவிட்டார். "நன்றாக எழுதியதற்குக் குறைவாகவும் அரைகுறையாக எழுதியதற்குக் கூடுதலாகவும் போட்டிருக்கிறீர்கள், விளக்கம் தேவை" என்று குறிப்பு. எனக்கு உள்ளுக்குள் சரி என்றுதான் படுகிறது, ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

ஒரு உதாரணம். இரண்டு கட்டுரையிலும் "ஜேம்ஸ் வாட் நீராவி இயந்திரத்தைக் கண்டுபிடித்தார்" என்று இருக்கிறது. தேர்வுத் தாளில் ஓரத்தில் ஒரு கோடு மட்டும் போட்டுவிட்டுப் போனேன். வீட்டுக் கட்டுரையில் அதே வரிக்கு மதிப்பெண் குறைத்தேன். இது நியாயமா?

சிவப்பு மை | மார்ச் 4, இரவு 10.35

நியாயம்தான். ஆனால் காரணத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு குறைக்கும் பக்கத்தில் நான் என்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வேன். இன்னும் ஒரு வாரம் கொடுத்திருந்தால் இவள் இதைச் சரி செய்திருப்பாளா? ஆம் என்றால் தேர்வில் அது நேரத்தின் குறை, பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த ஒரு வாரம் கையில் இருந்தும் செய்யவில்லை என்றால் அது எழுதியவளின் குறை.

வாட் விஷயத்தையே எடுத்துக்கொள். நீராவி இயந்திரத்தை முதலில் வேலைக்குக் கொண்டுவந்தவர் வாட் அல்ல. சுரங்கத்தில் தண்ணீர் இறைக்க நியூகோமனின் இயந்திரம் 1712இலேயே ஓடியது. வாட் செய்தது தனிக் குளிர்கலம். அதனால் நிலக்கரிச் செலவு வெகுவாகக் குறைந்தது, காப்புரிமை 1769. இதைப் புத்தகத்தில் பார்க்க ஐந்து நிமிடம் போதும். தேர்வறையில் அந்த ஐந்து நிமிடமும் இல்லை, புத்தகமும் இல்லை.

ஆனால் இது ஒரு பெயர்ப் பிழை என்பதோடு நிறுத்த மாட்டேன். அந்தப் பிழை எதைத் தாங்கி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். தேர்வில் அந்த வரியைச் சுற்றி அவள் என்ன எழுதியிருக்கிறாள்? இரண்டு மூன்று வரி அப்படியே போடு.

அகல் | மார்ச் 4, இரவு 10.52

தேர்வுத் தாளில்: "ஜேம்ஸ் வாட் கண்டுபிடித்த நீராவி இயந்திரம் நிறைய நிலக்கரி தின்னும். வேறு நாட்டில் இதை ஓட்டினால் நஷ்டம். சுரங்க வாசலிலேயே கரி கிடைத்ததால் பிரிட்டனில் மட்டும் அது கட்டுப்படியானது."

வீட்டுக் கட்டுரையில்: "ஜேம்ஸ் வாட் நீராவி இயந்திரத்தைக் கண்டுபிடித்ததே தொழிற்புரட்சியைத் தொடங்கி வைத்தது. அதன் பிறகு ஆலைகள் பெருகின."

சிவப்பு மை | மார்ச் 4, இரவு 11.20

இதோ உன் விளக்கம் கிடைத்துவிட்டது.

தேர்வில் வாட் என்ற பெயரை அடித்துவிட்டு நியூகோமன் என்று எழுதிப் பார். அவள் வாதம் விழவில்லை, இன்னும் உறுதியாகிறது. கரியைத் தின்னும் இயந்திரம் நியூகோமனுடையதுதான். சுரங்க வாசலில் விற்காத கரித்தூள் கிடந்ததால்தான் அதை ஓட்டக் கட்டுப்படியானது. நினைவு பெயரில் வழுக்கியிருக்கிறது, யோசனை சரியான இடத்தில் நிற்கிறது.

வீட்டுக் கட்டுரையில் பெயரைத் திருத்தினாலும் வாதம் நிற்காது. ஆர்க்ரைட் 1771இல் கிராம்ஃபோர்டில் கட்டிய நூற்பாலை தண்ணீர்ச் சக்கரத்தில் ஓடியது. அந்தக் காலத்துப் பருத்தி ஆலைகளுக்கு ஆறுதான் சக்தி. நீராவி வந்ததால் ஆலைகள் பெருகின என்றால் கால வரிசையே தலைகீழாகிறது. ஆக, ஓரத்தில் ஒரு கோடு போட்டு விடக்கூடிய பிழை அல்ல இது. மூன்று வாரம் இந்தக் கேள்வியோடு இருந்தவள் இதைக் கவனித்திருக்க வேண்டும்.

"ஒரே பிழைக்கு இரண்டு அளவுகோலா" என்று அவர் கேட்டால், வரி ஒன்று, பிழை இரண்டு என்று சொல்.

கணக்கு வாத்தியார் | மார்ச் 5, காலை 6.40

எதற்கு இவ்வளவு நுணுக்கம்? தேர்வில் நேரம் குறைவு, எல்லோருக்கும் அதே நேரம். இரண்டையும் ஒரே அளவுகோலால் கறாராகத் திருத்துங்கள். பிறகு தேர்வுக் கட்டுரை எல்லாவற்றுக்கும் மொத்தமாக 3 மதிப்பெண் கூட்டிவிடுங்கள். எத்தனை கூட்டுவது என்று வகுப்புச் சராசரியைப் பார்த்தால் தெரிந்துவிடும். திருத்துபவரின் மனநிலை இதில் நுழையவே வேண்டாம்.

சிவப்பு மை | மார்ச் 5, காலை 7.15

சார், ஒரு பாதி ஒத்துக்கொள்கிறேன். வினாத்தாள் எதிர்பார்த்ததைவிடக் கடினமாகிவிட்டால் வகுப்பு மொத்தத்தையும் ஏற்றலாம், அதை நீங்கள் சொல்வது போலச் சராசரியை வைத்துத்தான் செய்ய முடியும்.

ஆனால் நேரக்குறைவு எல்லோரையும் ஒரே இடத்தில் அடிப்பதில்லை. ஒருவனுக்கு மேற்கோள் மறந்துபோகும், இன்னொருத்திக்கு முடிவுரை எழுத நேரம் இருக்காது. மூன்றாமவன் நேரம் இருந்தும் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதியிருக்க மாட்டான். முதல் இரண்டு பேரின் குறைக்கு நேரம் காரணம், மூன்றாமவனின் குறைக்கு அவன் காரணம். மூவருக்கும் 3 கூட்டினால் மூன்றாமவனுக்குத்தான் நல்ல லாபம்.

இரண்டாம் ஆண்டு | மார்ச் 5, மதியம் 1.05

இடையில் வருவதற்கு மன்னிக்கவும், நான் மாணவன். போன தேர்வில் ஒன்பது பக்கம் எழுதினேன், 12 வந்தது. நண்பன் நான்கு பக்கம், 18. பக்கம் பார்த்து மதிப்பெண் போடுவதில்லை என்று இப்போது புரிகிறது. மறுமதிப்பீட்டுக்குப் போட்டால் கூடுமா? என் கையெழுத்து மோசம், அதனால்தான் குறைந்தது என்று அம்மா சொல்கிறார்.

மேசை விளக்கு | மார்ச் 5, மாலை 5.30

தம்பி, மறுமதிப்பீட்டில் கூடுமா என்று உன் தாளைப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. இழையின் கேள்வியும் அதுவல்ல. ஆனால் உன் அம்மா சொன்னதில் விஷயம் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். நான் முப்பது வருடம் திருத்தினேன், அதில் பதினொரு வருடம் தலைமைத் தேர்வாளர்.

கையெழுத்து திருத்துபவரைப் பாதிக்கும் என்பது பழைய உண்மை. அழகான கையெழுத்தில் சாதாரண விடையும் ஒரு படி ஏறிவிடும். ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கையால் எழுதிய கட்டுரைகளை ஒரு சொல்லும் மாற்றாமல் தட்டச்சு செய்து மறுபடி திருத்தக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 1994இல் வெளிவந்தது. தட்டச்சு வடிவத்துக்கு மதிப்பெண் குறைந்தது. யோசித்தால் புரியும். இரண்டு பக்கக் கையெழுத்து தட்டச்சில் ஒரு பக்கத்துக்கும் குறைவாகச் சுருங்கிவிடும், பிழை ஒவ்வொன்றும் துலங்கித் தெரியும். கையெழுத்தைப் பார்க்கும்போது ஒரு பிள்ளை மணியைப் பார்த்துக்கொண்டு எழுதுகிறது என்ற நினைவு நமக்கு வருகிறது. அச்செழுத்தைப் பார்த்தால் இது முடிந்த வேலை என்று மனம் எடுத்துக்கொள்கிறது.

அகல், உன் 17க்கும் 14க்கும் நடுவில் இந்த வேறுபாடும் கொஞ்சம் ஒளிந்திருக்கலாம். தேர்வுக் கட்டுரையை நீயே தட்டச்சு செய்து, ஒரு நாள் தள்ளி வைத்து, திரும்பப் படி. 650 சொல்தான்.

சிவப்பு மைக்கு ஒரு திருத்தம். "இன்னும் ஒரு வாரம் இருந்தால்" என்ற கேள்வி நல்ல கேள்வி. ஆனால் அது மன்னிக்கும்போதுதான் உதவும், மதிப்பெண் கொடுக்கும்போது ஆபத்து. நேரம் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பாள் என்று நினைக்கத் தொடங்கினால், பேனா உன் கையில் இருந்தாலும் விடையை நீ எழுதத் தொடங்கிவிட்டாய் என்று அர்த்தம்.

சிவப்பு மை | மார்ச் 5, இரவு 11.50

மேசை விளக்கு அம்மா சொன்னதைப் படித்துவிட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். இதில் எனக்கு ஒரு சொந்த அனுபவம் உண்டு. இத்தனை வருடம் கழித்தும் அந்தத் தாள் கண்முன் நிற்கிறது.

நான் திருத்தத் தொடங்கிய முதல் வருடம். ஒரு பையன் மிகப் பிரமாதமாகத் தொடங்கியிருந்தான். முதல் பத்தியிலேயே கேள்வியைப் பிளந்து, மூன்று காரணம் சொல்லி, மூன்றும் ஒன்றையொன்று எப்படித் தாங்குகின்றன என்று காட்டப்போவதாக எழுதியிருந்தான். முதல் காரணம் அருமை. இரண்டாவது காரணம் அரைப் பக்கம். அதன் பிறகு வெற்றுத்தாள். நான் 20 போட்டேன்.

தலைமைத் தேர்வாளர் தாளை என் முன் வைத்து, "மூன்றாவது காரணம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" என்று கேட்டார். நான் முன்னுரையைக் காட்டினேன். "அது அவன் சொன்ன வாக்கு. கொடுத்த வாக்குக்கும் செய்த வேலைக்கும் ஒரே கூலியா?" என்றார். இருவரும் சேர்ந்து படித்தோம். பக்கத்தில் இருப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால் 15, தாராளமாகப் போட்டால் 16. அந்த நான்கு மதிப்பெண் விடையை எழுதியது நான்தான் என்று அன்று புரிந்தது.

ஆகவே நேற்று எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். இருக்கும் ஒன்றில் உள்ள கீறலை மன்னிக்கத்தான் அந்தக் கேள்வி. இல்லாத ஒன்றை இருப்பதாக எண்ண அது உதவாது.

அப்படியானால் முடியாத விடைக்கு என்ன செய்வது? நான் இப்போது செய்வது இது. முடிவுரை மட்டும் இல்லை, ஆனால் ஒவ்வொரு பத்தியும் கேள்விக்குத் திரும்பி வந்து ஒரு தீர்ப்பைச் சொல்லிவிட்டுப் போகிறது என்றால் எதுவும் குறைப்பதில்லை. அந்தத் தீர்ப்பு ஏற்கெனவே பக்கத்தில் இருக்கிறது. காரணங்களை அடுக்கிக்கொண்டே போய், எது முக்கியம் என்பதை முடிவுரையில் சொல்லலாம் என்று வைத்திருந்து மணி அடித்துவிட்டால், தீர்ப்பே இல்லாத கட்டுரை அது. மேல் படிக்குப் போகாது. எனக்கு அந்தப் பிள்ளையின் மேல் இரக்கம் வரும், நிஜமாகவே வரும், ஆனால் போகாது.

வீட்டுக் கட்டுரையில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அங்கே முடிவுரை இல்லையென்றால் அது வேலையை முடிக்காத கட்டுரை, அவ்வளவுதான்.

அகல் | மார்ச் 6, காலை 7.30

தட்டச்சு செய்தேன். ஒரு நாள் பொறுக்கவில்லை, ராத்திரியே படித்துவிட்டேன். முதல் அதிர்ச்சி, எவ்வளவு சின்னதாக இருக்கிறது! இரண்டாவது, மூன்றாம் பத்தியில் "கடற்படையும் ஒரு காரணம்" என்று ஒரு வரி மட்டும் தனியாக நிற்கிறது. கையெழுத்தில் அது பத்தி போலத் தெரிந்தது. பாதியில் நின்ற கடைசிப் பத்தி பரவாயில்லை, "கரி இல்லாமல் கூலி மட்டும் உயர்ந்திருந்தால் இயந்திரம் வந்திருக்காது, ஆகவே கரியே" என்று ஏற்கெனவே நடுவில் சொல்லிவிட்டாள். இப்போது 16 என்று தோன்றுகிறது.

வீட்டுக் கட்டுரையின் முக்கியமான பத்தி ஒன்றைச் சுருக்கிப் போடுகிறேன். "ராபர்ட் ஆலன் கூறுவதன்படி பிரிட்டனில் கூலி உயர்வு, எரிபொருள் மலிவு. எனவே ஆளுக்குப் பதில் இயந்திரம் வைப்பது லாபம். ஜோயல் மோக்கிர் கூறுவதன்படி அறிவும் அதைப் பயன்படுத்தும் கைவினைஞர்களும் முக்கியம். இருவரின் கருத்துகளும் ஏற்கத்தக்கவை." இப்படியே நான்கு பக்கம். குறைந்தது ஆறு இடத்தில் "கூறுவதன்படி".

சிவப்பு மை | மார்ச் 6, மாலை 4.45

வேலைக்கு நடுவில் படித்தேன், இப்போதுதான் எழுத முடிகிறது.

இந்தப் பத்தியைத் தேர்வுத் தாளில் எழுதியிருந்தால் நான் மகிழ்ந்திருப்பேன். புத்தகம் இல்லாமல் இரண்டு பேரின் வாதத்தையும் நினைவிலிருந்து எடுத்து, கேள்விக்குப் பொருந்துகிற பகுதியை மட்டும் தேர்ந்து, நான்கு வரியில் வைப்பது பெரிய வேலை. நினைவும் தேர்வும் தேர்வறையில் திறமையின் சான்று. "ஆலன்" என்ற பெயரும் அவர் வாதத்தின் சாரமும் இருந்தால் போதும், பக்க எண் கேட்பவர் யாரும் இல்லை.

வீட்டில் ஆலன் மேசைமேல் திறந்து கிடக்கிறார். அவர் சொன்னதை எடுத்து எழுதினாள் என்பது அவள் படித்தாள் என்பதற்கு மட்டுமே சான்று. ஆலன் சொல்வது சரியானால் எது நடந்திருக்க வேண்டும்? அது நடந்ததா? மோக்கிரின் விளக்கம் எந்த இடத்தில் ஆலனால் முடியாததைச் செய்கிறது? இந்தக் கேள்விகளைக் கேட்கத்தான் மூன்று வாரம் கொடுத்தோம். "இருவரின் கருத்துகளும் ஏற்கத்தக்கவை" என்ற வரிக்கு மூன்று வாரம் தேவையில்லை. கேள்வி ஒப்பிடச் சொல்கிறது. அவள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டாள்.

அப்புறம் ஒரு சோதனை, அடிக்குறிப்புகள் கண்ணை மயக்கும்போது நான் செய்வது. அடிக்குறிப்பு எண்களைக் காகிதத்தால் மறைத்துவிட்டு, ஒவ்வொரு பத்தியின் முதல் வரியை மட்டும் வரிசையாகப் படிப்பேன். ஒரு வாதம் நடந்து போவது கேட்க வேண்டும். "அடுத்ததாக", "மேலும்", "இன்னொரு காரணம்" என்றே தொடங்கினால் அது பட்டியல், எத்தனை மேற்கோள் இருந்தாலும். தேர்வுக் கட்டுரையில் இந்தச் சோதனையைச் செய்வதில்லை. ஐந்து நிமிடம் திட்டமிட்டு எழுதுகிறவர்களுக்குப் பத்தியின் தலைவரி பெரும்பாலும் கடைசியில்தான் கிடைக்கும், எழுதிக்கொண்டே போகும்போதுதான் தாங்கள் நினைப்பது என்ன என்று அவர்களுக்கே தெரியவரும்.

என் கணக்கில் 16, 14. ஆனால் முழுக் கட்டுரையை நான் பார்க்கவில்லை.

மேசை விளக்கு | மார்ச் 6, இரவு 8.15

அகல் கேட்டுக்கொண்டதால், பெயரையும் எண்ணையும் மறைத்து அனுப்பிய முழுக் கட்டுரையைப் படித்தேன். நான் 14 போட மாட்டேன், 16.

நான்காம் பக்கத்தில் ஒரு பத்தி இருக்கிறது, யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கையால் நூல் நூற்ற பெண்கள், சிறுவர்களின் கூலி குறைவாகவே இருந்தது என்ற ஜேன் ஹம்ப்ரீஸின் மறுப்பை எடுத்திருக்கிறாள். அதற்கு அடுத்த வரி: "கூலி குறைவாக இருந்த நூற்பு வேலைக்கே முதலில் இயந்திரம் வந்தது என்றால் ஆலனின் விளக்கம் இங்கே பொருந்தவில்லை." இது எடுத்து எழுதியது அல்ல. ஹம்ப்ரீஸைப் படித்து, நிறுத்தி, ஆலனிடம் திரும்பிப் போய்க் கேட்ட கேள்வி. சிவப்பு மை எதிர்பார்த்த அதே வேலை. ஒரே ஒரு இடத்தில்தான் செய்திருக்கிறாள், பிறகு முடிவுரையில் அதை மறந்தும் விட்டாள். ஆனால் செய்திருக்கிறாள்.

எனக்கு ஒரு சந்தேகம். குறை இல்லாத பக்கத்தில் குறை தேடப் போகிறோம். தேர்வுத் தாளில் நல்லதைத் தேடுகிறோம், ஒரு நல்ல வரி கிடைத்தால் மகிழ்ந்து போகிறோம். வீட்டுக் கட்டுரையில் அதே நல்ல வரி கிடைத்தால், ஏன் இது ஒன்று மட்டும் என்று கேட்கிறோம். எதிர்பார்ப்பு உயரலாம், உயர வேண்டும். ஆனால் கண் ஒரே கண்ணாக இருக்க வேண்டும்.

சிவப்பு மை | மார்ச் 6, இரவு 9.40

அந்தப் பத்தியை அகல் இப்போது எனக்கும் அனுப்பினாள். அம்மா சொன்னது உண்மை. நான் ஒரு பத்தியைப் பார்த்துவிட்டு நான்கு பக்கத்துக்குத் தீர்ப்பு சொல்லிவிட்டேன், அது தவறு.

ஆனாலும் 16க்கு என்னால் வர முடியவில்லை. கேள்வி ஒப்பிடச் சொன்னது, ஒப்பீடு ஒரே பத்தியில் இருக்கிறது, முடிவுரை அதற்கு நேர்மாறாகப் பேசுகிறது. மூன்று வாரத்தில் கட்டுரையைத் திரும்பப் படித்திருந்தால் இந்த முரண் அவள் கண்ணில் பட்டிருக்கும். திரும்பப் படிப்பதும் வீட்டுக் கட்டுரையில் மதிப்பிடப்படுகிற வேலை. 15. அதற்கு மேல் என் கை போகவில்லை.

மேசை விளக்கு | மார்ச் 6, இரவு 9.55

சரி. நான் 16இல் நிற்கிறேன். இப்படி நிற்கத்தான் இரண்டு பேர் திருத்துகிறார்கள். 1912இல் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் ஒரே விடைத்தாளின் நகலை நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். ஒரே தாளுக்கு 64 முதல் 98 வரை மதிப்பெண் வந்தது. நாம் ஒரு மதிப்பெண்ணில் நிற்கிறோம், காரணத்தோடு.

இரண்டாம் ஆண்டு | மார்ச் 7, காலை 10.20

இதையெல்லாம் படித்ததும் பயமாக இருக்கிறது. நான் தேர்வுக்கு மூன்று கட்டுரை முழுசாக எழுதிப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு போவேன். அதில் ஒன்று தொழிற்புரட்சிக்கான காரணங்கள். வீட்டில் எழுதுவது போல நன்றாக எழுதி வைத்துக்கொண்டால் தேர்விலும் அந்தத் தரம் வரும் அல்லவா?

சிவப்பு மை | மார்ச் 7, மதியம் 12.10

தம்பி, உன் ஒன்பது பக்கம் 12 ஆனதற்குக் காரணம் கையெழுத்து அல்ல, இதுதான் என்று நினைக்கிறேன். தாளைப் பார்க்கவில்லை, ஆனாலும்.

எப்படித் தெரியும் என்றால், மனப்பாடக் கட்டுரையின் முதல் பத்தி எந்தக் கேள்விக்கும் பொருந்தும். அகல் மேலே போட்ட கேள்வியைப் பார், "நிலக்கரி எந்த அளவுக்குக் காரணம்". உன் கையில் இருக்கும் கட்டுரையில் வேளாண் மாற்றம் முதலில், வணிகம் இரண்டாவது, நிலக்கரி மூன்றாவது என்று வைத்துக்கொள்வோம். கேட்டது நிலக்கரி, அது மூன்றாம் பக்கத்தில் வருகிறது. மற்றவற்றை நிலக்கரியோடு எடை போடும் ஒரு வரி கூட இருக்காது, ஏனென்றால் எழுதியபோது இந்தக் கேள்வியே இல்லை. நடை மட்டும் திடீரென்று சீராக இருக்கும், அடித்தல் திருத்தல் இருக்காது. கடைசி வரியில் "எனவே நிலக்கரி ஓரளவுக்குக் காரணம்" என்று ஒட்டியிருக்கும். அந்த ஒரு வரிதான் தேர்வறையில் பிறந்தது.

தகவல் முழுக்கச் சரியாக இருந்தாலும் நடுப் படியைத் தாண்டாது. தேர்வறையில் நான் எல்லாவற்றையும் தளர்த்துவேன், எழுத்துப்பிழை, ஆண்டு, மேற்கோள், முடிவுரை வரை. கேட்ட கேள்விக்குப் பதில் என்பதை மட்டும் தளர்த்த மாட்டேன். அதை வீட்டில் தயாரித்துக்கொண்டு வர முடியாது.

அடுத்த முறை கட்டுரையை மனப்பாடம் செய்யாதே. அந்த மூன்று தலைப்புக்கும் தலைக்கு நான்கு விதமாகக் கேள்வியை மாற்றிப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடத்தில் திட்டம் மட்டும் எழுதிப் பழகு.

கணக்கு வாத்தியார் | மார்ச் 7, மாலை 6.30

என் 3 மதிப்பெண் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன், மூன்றாமவன் உதாரணத்துக்குப் பிறகு அதில் பிடிமானம் இல்லை. ஆனால் நீங்கள் யாரும் பார்க்காத ஒன்று இருக்கிறது.

அகல், உங்கள் வகுப்பில் வீட்டுக் கட்டுரைக்கு எத்தனை விழுக்காடு, தேர்வுக்கு எத்தனை? மதிப்பெண்கள் எதிலிருந்து எது வரை?

அகல் | மார்ச் 7, மாலை 6.48

வீட்டுக் கட்டுரை 60, தேர்வு 40. வீட்டுக் கட்டுரையில் எல்லோரும் 14க்கும் 18க்கும் இடையில். தேர்வில் 8 முதல் 21 வரை.

கணக்கு வாத்தியார் | மார்ச் 7, மாலை 7.05

நினைத்தேன். 25ஐ 60க்கு மாற்றினால் ஒரு மதிப்பெண் 2.4 ஆகும். வீட்டுக் கட்டுரையில் முதலாமவருக்கும் கடைசியில் இருப்பவருக்கும் இடைவெளி 4, அதாவது 9.6. தேர்வில் ஒரு மதிப்பெண் 1.6, இடைவெளி 13, அதாவது 20.8. காகிதத்தில் வீட்டுக் கட்டுரை பெரியது, ஆனால் யார் மேலே யார் கீழே என்பதைத் தேர்வுதான் முடிவு செய்கிறது. எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் போட்டால் அந்த 60 யாரையும் யாரிடமிருந்தும் பிரிக்காது.

சிவப்பு மை | மார்ச் 7, இரவு 10.30

இதை நான் ஒரு நாளும் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை. சார், நன்றி.

ஏன் அப்படிக் குவிகிறது என்று யோசித்தேன். கீழ்ப்பக்கம் புரிகிறது. மூன்று வாரமும் புத்தகமும் இருந்தால் யாரும் அடியோடு விழ மாட்டார்கள். மேல்பக்கம்தான் இடிக்கிறது. நேர்த்தியாக இருக்கிற எல்லாக் கட்டுரைக்கும் 16 என்று கை தானாகப் போகிறது. ஒருத்தி ஆலனைக் கேள்வி கேட்டாலும் 16, இன்னொருவன் அழகாக எடுத்து எழுதினாலும் 16. இந்த இழையில் மூன்று நாளாக, வீட்டுக் கட்டுரையில் நாம் அதிகம் எதிர்பார்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதிகம் எதிர்பார்த்திருந்தால் மதிப்பெண்கள் விரிந்திருக்க வேண்டும். சொன்னதும் செய்ததும் வேறு போலிருக்கிறது. போன பருவத்தின் என் பட்டியலை எடுத்துப் பார்க்கப் போகிறேன்.

சிவப்பு மை | மார்ச் 8, காலை 8.00

பார்த்தேன். 31 கட்டுரை, அதில் 22க்கு 15, 16, 17. குறிப்புகளைப் படித்தேன். அந்த 22இல் பாதிக்கு மேல் "நன்கு ஆதாரம் காட்டப்பட்டுள்ளது" என்று எழுதியிருக்கிறேன். ஆதாரத்தை வைத்து என்ன செய்தார்கள் என்று எழுதியது ஐந்தில் மட்டும். அந்த ஐந்துக்கும் மற்றவைக்கும் மதிப்பெண்ணில் வித்தியாசமே இல்லை. மனசு கனக்கிறது. அந்த ஐந்து பேருக்கு இப்போது ஒன்றும் செய்ய முடியாது.

அகல் | மார்ச் 11, இரவு 9.20

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் பார்வையாளருக்கு விளக்கம் எழுதினேன். வாட் வரியைப் பெயர் மாற்றிக் காட்டினேன், "கூறுவதன்படி" ஆறு இடத்தையும் குறித்தேன், நான்காம் பக்கத்துப் பத்தியை நான் முதலில் தவறவிட்டதையும் எழுதினேன். தேர்வுக்கு 16 என்பதில் அவருக்கும் சம்மதம். வீட்டுக் கட்டுரைக்கு நான் 15, அவர் 17. மூன்றாமவருக்குப் போயிருக்கிறது.

மாணவிக்கான குறிப்பை மட்டும் மதிப்பெண் வரும் முன்பே எழுதி வைத்துவிட்டேன். "நான்காம் பக்கத்தில் ஆலனைக் கேட்ட கேள்வியை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து கட்டுரையைத் திரும்ப எழுதிப் பார். தேர்வில் 'கரி இல்லாமல் கூலி மட்டும் உயர்ந்திருந்தால்' என்று நீயே செய்திருக்கிறாய்."